நீளக் கட்டுரையிலிருந்து சமையல் குறிப்பைப் பிரித்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோர வீட்டுச் சமையலைப் பற்றி இப்போது நிறையப் பேர் நீளமாக எழுதுகிறார்கள். அதைப் படித்து ரசித்துவிட்டு, அடுப்படியில் ஒட்டிவைக்க ஒரு பக்கத்தில் சுருக்கி எழுத உட்காரும்போது வரும் கேள்விகள் இவை. உதாரணத்துக்கு ஒரு மீன் ஆணத்தை, அதாவது மீன் குழம்பையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன்.

மேல இருக்கிற கதையை விட்டுட்டு, கீழ இருக்கிற "தேவையான பொருட்கள்" பகுதியை மட்டும் எடுத்துக்கிட்டா போதாதா?

போதாது. நம் பக்கத்து மீன் சமையல் கட்டுரைகளுக்கு இது சுத்தமாக ஒத்துவராது. எழுதுகிறவர் தன் அம்மா சமைத்ததை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே கதைப் பகுதியை எழுதுகிறார். கை என்ன செய்தது, எதை எப்போது ஊறப்போட்டது, அடுப்பு எப்படி எரிந்தது என்பதெல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. கீழே பொருள் பட்டியல் எழுதும்போது கை ஓய்ந்துவிடும். "புளி தேவைக்கு, உப்பு தேவைக்கு, தேங்காய்ப்பால் 2 கப்" என்று முடித்துவிடுவார். சமையலின் பாதி நுட்பம் கதைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும்.

அதற்காகக் கதை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. முழுக்க ஒருமுறை படியுங்கள். இரண்டாவது முறை படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும்.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்து அப்படியே செஞ்சு காட்டுங்களேன்.

இதற்காகவே நான் எழுதிய ஒரு மாதிரிக் கட்டுரை இது. கீழக்கரை வீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தத் தினுசில்தான் இருக்கும். முதலில் கதைப் பகுதி:

> தொண்டிக் கடல் மீனுக்கும் எங்கள் கடல் மீனுக்கும் ருசி வேறு என்பார் வாப்பா. அது பாக் நீரிணை, இது மன்னார் வளைகுடா, அலையும் வேறு ஆழமும் வேறு என்று விளக்கம் வேறு. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கிலோ விளமீன் வாங்கி வருவார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். உம்மா மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் அலசுவார். அதற்கு முன்பே எலுமிச்சை அளவு புளி ஒரு கப் வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும். பத்து முண்டு வத்தல், இரண்டு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சீரகம் எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்து அம்மியில் அரைப்பார் உம்மம்மா. இப்போது அவசரத்துக்குத் தூள்தான். தலைப்பால் அரை கப் வந்தால் போதும், அதைத் தொடாமல் தனியே வை என்பார். தலைப்பால் ஊற்றியபின் யாராவது அடுப்பைக் கூட்டினால் கையிலேயே ஒரு தட்டு விழும். தடைக்காலத்தில் ஐஸ் மீன்தான் கிடைக்கும், அப்போது ஒரு தக்காளி கூடும். மறுநாள் இடியாப்பத்துக்கு அந்த ஆணம்தான் ருசி.

பிறகு குறிப்புப் பகுதி:

> மீன் 1 கிலோ, சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, பச்சை மிளகாய் 3, மஞ்சள்தூள் ½ டீஸ்பூன், மிளகாய்த்தூள் 2 ஸ்பூன், தேங்காய்ப்பால் 2 கப், வெந்தயம், கறிவேப்பிலை, எண்ணெய், புளி, உப்பு. வெந்தயம் தாளித்து வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி வதக்கி, அரைத்த மசாலா, மஞ்சள்தூள், புளி, தேங்காய்ப்பால் சேர்த்துக் கொதித்ததும் மீனைப் போடவும். வெந்ததும் மீதிப் பாலை ஊற்றி இறக்கவும்.

குறிப்பை மட்டும் வைத்துச் சமைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். "அரைத்த மசாலா" என்று செய்முறை சொல்கிறது. ஆனால் அரைக்க வேண்டிய வத்தலோ மல்லியோ பட்டியலில் இல்லை. "மீதிப் பால்" என்கிறது. எவ்வளவு முதலில், எவ்வளவு கடைசியில் என்று இல்லை. பட்டியலில் இருக்கும் மிளகாய்த்தூளை எங்கே போடுவது என்று செய்முறையில் ஒரு வார்த்தையும் இல்லை. புளிக்கு அளவில்லை.

நான்கு ஓட்டைக்குமே விடை கதையில் இருக்கிறது. புளி எலுமிச்சை அளவு. அரைக்கிற சாமான் உம்மம்மாவின் அம்மியில் இருக்கிறது. மிளகாய்த்தூள் வத்தலுக்குக் கூடுதலாக இல்லை, வத்தலுக்குப் பதிலாக என்பது "அவசரத்துக்குத் தூள்தான்" என்ற வரியில் தெரிகிறது. இதைக் கவனிக்காதவர் பத்து வத்தலும் அரைத்து இரண்டு ஸ்பூன் தூளும் கொட்டுவார், அன்று யாரும் அந்த ஆணத்தை வாயில் வைக்க முடியாது. தலைப்பால் அரை கப் என்றால், மொத்தம் இரண்டு கப்பில் மீதி ஒன்றரை கப் இரண்டாம் பால். அதுதான் மசாலாவோடு கொதிக்கிறது.

இனி சுருக்கம்:

மீன் ஆணம் (5 பேருக்கு)

விளமீன் 1 கிலோ (வாங்கும்போது உள்ள எடை)
புளி எலுமிச்சை அளவு, வெந்நீர் 1 கப்
அரைக்க: முண்டு வத்தல் 10, மல்லி 2 மேசைக்கரண்டி*, சீரகம் ½ டீஸ்பூன்*
தேங்காய்ப்பால் 2 கப்: தலைப்பால் ½ கப், இரண்டாம் பால் 1½ கப்
சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, பச்சை மிளகாய் 3
மஞ்சள்தூள் ½ டீஸ்பூன், மீன் கழுவத் தனியாகக் கொஞ்சம்
கல்லுப்பு (கழுவ), உப்பு, வெந்தயம், கறிவேப்பிலை, எண்ணெய்: அளவு சொல்லப்படவில்லை

1. புளியை வெந்நீரில் ஊறப்போடவும்.
2. மீனை மஞ்சள், கல்லுப்பு தேய்த்து மூன்று முறை அலசவும்.
3. வத்தல், மல்லி, சீரகத்தை எண்ணெய் இல்லாமல் வறுத்து அரைக்கவும்.
4. தலைப்பால் ½ கப் எடுத்துத் தனியே வைக்கவும். பிறகு இரண்டாம் பால் எடுக்கவும். புளியைக் கரைத்து வடிக்கவும்.
5. எண்ணெயில் வெந்தயம் தாளித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி வதக்கவும்.
6. அரைத்த மசாலா, மஞ்சள்தூள், உப்பு, புளிக்கரைசல், இரண்டாம் பால் சேர்த்துக் கொதிக்கவிடவும்.
7. கொதித்ததும் மீனைப் போட்டு வேகவிடவும்.
8. மீன் வெந்ததும் தீயைக் குறைத்துத் தலைப்பாலை ஊற்றி இறக்கவும். ஊற்றியபின் தீயைக் கூட்டக் கூடாது.

ஐஸ் மீன் என்றால் தக்காளி 3. அவசரத்துக்கு வத்தலுக்குப் பதில் மிளகாய்த்தூள் 2 ஸ்பூன். மறுநாள் இடியாப்பத்துக்கும் ஆகும்.
*கட்டுரையில் "ஸ்பூன்" என்று மட்டும் உள்ளது.

வாப்பாவின் கடல் விளக்கம் போய்விட்டது. எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்ததே அதுதான். ஆனாலும் அடுப்புப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

எதை விடணும், எதை வைக்கணும்னு எப்படி முடிவு பண்றது?

ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: இதைப் படித்தவரின் கை வேறு மாதிரி ஏதாவது செய்யுமா? செய்யும் என்றால் அது தங்க வேண்டும், எவ்வளவு கதைத்தன்மையோடு எழுதப்பட்டிருந்தாலும் சரி.

"கையிலேயே ஒரு தட்டு விழும்" என்பது பார்வைக்கு வெறும் குடும்பக் கதை. உண்மையில் அந்தச் செய்முறையில் அதைவிட முக்கியமான எச்சரிக்கை வேறில்லை. புளி சேர்ந்த குழம்பில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். எண்ணெய் ஒரு பக்கம், துணுக்குத் துணுக்காக வெள்ளை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். ஆகவே அந்தத் தட்டு, "ஊற்றியபின் தீயைக் கூட்டக் கூடாது" என்று படி எட்டில் வந்து உட்கார்ந்தது.

இதற்கு நேர்மாறாக, "தடைக்காலத்தில்" என்ற சொல் நம் கரையில் எல்லோருக்கும் பழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சுருக்கத்துக்கு அந்தத் தகவல் வேண்டாம். ஐஸ் மீனுக்கு ஒரு தக்காளி கூடும் என்ற பகுதி மட்டும் வேண்டும். ஒரே வாக்கியத்தில் பாதி தங்கும், பாதி போகும்.

மீன் பெயர், மிளகாய் வகை போன்றவற்றையும் அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். "முண்டு வத்தல் 10" என்பதை "காய்ந்த மிளகாய் 10" என்று எழுதினால் பெரிதாக ஒன்றும் மாறாதது போலத் தோன்றும். ராமநாதபுரம் முண்டு குண்டாக, தோல் தடித்து இருக்கும். அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பத்து முண்டும் பத்து நீட்டு வத்தலும் எடையிலும் ஒன்றல்ல, காரத்திலும் ஒன்றல்ல. சென்னையில் இருக்கும் மகள் எண்ணிக்கையை மட்டும் நம்பி நீட்டு வத்தலைப் போட்டால் வேறு குழம்புதான் வரும்.

எலுமிச்சை அளவு, ஒரு கை, ஆழாக்குன்னு இருக்கே. கிராமுக்கு மாத்திடலாமா?

மாற்றலாம், ஆனால் மூலத்தை அழிக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். "புளி எலுமிச்சை அளவு (சுமார் 25 முதல் 30 கிராம்)" என்றால் இரண்டு வகை ஆட்களுக்கும் உதவும். ஆழாக்கு சுமார் 168 மில்லி, உழக்கு அதன் இரண்டு பங்கு. இதில் சிக்கல் குறைவு.

சிக்கல் "ஸ்பூன்", "கப்" என்ற இரண்டில்தான். டீஸ்பூன் 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. மூன்று மடங்கு வித்தியாசம். எது என்று கட்டுரை சொல்லாவிட்டால் பக்கத்துச் சாமானைப் பாருங்கள். மேலே உள்ள ஆணத்தில் ஒரு கிலோ மீனுக்கும் மூன்று கப் திரவத்துக்கும் இரண்டு டீஸ்பூன் மல்லி என்றால் குழம்பு தண்ணீராக ஓடும். ஆகவே மேசைக்கரண்டி என்று எடுத்தேன். சீரகம் அரை மேசைக்கரண்டி என்றால் கசப்பு தட்டும், அதனால் அதற்கு டீஸ்பூன். இரண்டும் என் ஊகம் என்பதால் நட்சத்திரக் குறி போட்டேன். கப் என்பது சமையல் அளவுக் கப்பா, வீட்டு டம்ளரா என்று தெரியாவிட்டால் "கப்" என்றே விட்டுவிடுங்கள். எல்லாத் திரவத்தையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் விகிதம் கெடாது.

இன்னொன்று, மிளகாய்த்தூள். நம் வீடுகளில் மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்து மில்லில் திரித்த குழம்புத் தூளையும் "மிளகாய்த்தூள்" என்றுதான் சொல்வார்கள். அதில் இரண்டு ஸ்பூன் வேறு, தனி மிளகாய்த்தூளில் இரண்டு ஸ்பூன் வேறு. கட்டுரையில் தனியாக மல்லித்தூளும் வந்தால் அது தனி மிளகாய்த்தூள் என்று ஓரளவு நம்பலாம். வராவிட்டால் குழம்புத் தூளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு இருந்தா எதை நம்புறது?

முதலில், இரண்டும் ஒரே நிலையில் உள்ள பொருளைத்தான் சொல்கின்றனவா என்று பாருங்கள். கதையில் "ஒரு கிலோ கணவாய்", பட்டியலில் "கணவாய் 600 கிராம்" என்றால் அது முரணாக இல்லாமல் இருக்கலாம். முன்னது வாங்கிய எடை, பின்னது சுத்தம் செய்த எடை. மீனிலும் அப்படித்தான், செதில், குடல், தலை போனால் கிலோ மீன் முக்கால் கிலோவுக்குக் கீழே வந்துவிடும். எந்த எடை என்று சுருக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டும்.

உண்மையிலேயே முரண் என்றால், மற்றச் சாமான்களின் அளவு எதோடு பொருந்துகிறது என்று பாருங்கள். அதிலும் தெளிவு வராவிட்டால் இரண்டையும் எழுதிவிடுங்கள்: "பச்சை மிளகாய் 3 (கதையில் 6)". சமைக்கிறவர் மூன்றில் தொடங்கிக் கூட்டிக்கொள்வார். சராசரி எடுத்து நாலரை என்று எழுதுவது மட்டும் வேண்டாம், அது இருவரில் யாருடைய சமையலும் இல்லை.

அளவே சொல்லாத இடத்துல நானே போட்டுக்கலாமா?

உங்கள் சொந்த ஏட்டில் தாராளமாகப் போடுங்கள், வேறு நிற மையில். அடுத்தவருக்குக் கொடுப்பதில் "அளவு சொல்லப்படவில்லை" என்றே எழுதுங்கள். உப்பு, எண்ணெய் என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். வெந்தயத்துக்கு அளவு இல்லை என்பது தெரிந்தால்தான் புதிதாகச் சமைக்கிறவர் ஒரு ஸ்பூன் அள்ளாமல் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்.

செய்முறையை எந்த வரிசையில எழுதறது? கட்டுரையில முன்னும் பின்னுமா இருக்கு.

கட்டுரையின் வரிசையை மறந்துவிட்டு, சமைக்கிற நேரத்தின் வரிசையை எடுங்கள். "அதற்கு முன்பே", "அதற்குள்", "தனியே எடுத்து வைத்த", "ஊறிய" ஆகிய சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றும் பின்னால் எழுதப்பட்ட ஒரு முன் வேலையைக் காட்டும். நம் ஆணத்தில் மீன் கழுவுவது முதலில் எழுதப்பட்டு, புளி ஊறியது அதற்குப் பின்னால் வருகிறது. சமையலில் புளி முன்னால்.

ஒரே பொருள் இரண்டு இடத்தில் விழுந்தால் பட்டியலிலேயே பிரித்துக் காட்டுங்கள். தேங்காய்ப்பால் 2 கப் என்று மொத்தமாக எழுதி வைத்தால், அவசரத்தில் இரண்டு கப்பும் ஒரே தடவையில் சட்டிக்குள் போய்விடும். பிறகு எட்டாம் படியில் ஊற்ற ஒன்றும் இருக்காது.

ஒரு படியில் ஒரு அடுப்பு நிலை மட்டும் இருப்பது நல்லது. தீ மாறுகிற இடத்தில் புதுப் படி தொடங்கட்டும். சாமான்களை எடுத்து வைக்கிற வேலைக்கெல்லாம் தனித்தனிப் படி வேண்டாம், கண்ணுக்கு நீளமாகத் தெரிந்தாலே யாரும் படிப்பதில்லை.

"பச்சை வாசனை போகும் வரை"ன்னு எழுதியிருந்தா அதை நிமிஷமா மாத்தணுமா?

வேண்டாம். அடையாளம்தான் நிஜம், நிமிடம் அதற்குத் துணை. மண்சட்டியில் ஆகும் நேரமும் அலுமினியச் சட்டியில் ஆகும் நேரமும் ஒன்றில்லை. பச்சை வாசனை போவது, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதப்பது, தலைத்துண்டு இருந்தால் மீன் கண் வெளுப்பது ஆகியவை எந்த அடுப்பிலும் பொய் சொல்லாது. கட்டுரையில் நிமிடமும் இருந்தால் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருக்கும்போது முதலில் பலியாவது இந்த அடையாள வரிகள்தான், ஏனென்றால் அவை வர்ணனை போலத் தெரியும்.

சுருக்கி முடிச்சாச்சு. சரியா இருக்கான்னு எப்படிப் பாக்கிறது?

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருள் மேலும் விரலை வைத்து, அது எந்தப் படியில் விழுகிறது என்று தேடுங்கள். பிறகு படிகளிலிருந்து பட்டியலுக்குத் திரும்பி வாருங்கள். முதல் தேடலில் அநாதையாக நிற்கும் மிளகாய்த்தூள் பிடிபடும். இரண்டாவதில் பட்டியலில் இல்லாத "அரைத்த மசாலா" பிடிபடும். முக்கால்வாசிப் பிழைகள் இந்த இரண்டு நடையில் வெளியே வந்துவிடும்.

அப்புறம், கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நின்று "எவ்வளவு?" என்றோ "எதை?" என்றோ கேட்கிற இடத்தில் மூலத்துக்குத் திரும்புங்கள். மூலத்தில் பதில் இருந்தால் நீங்கள் விட்டது, இல்லாவிட்டால் எழுதியவர் விட்டது.

எழுதினவங்க பேரைப் போடணுமா?

போடுங்கள். பெயரும் கட்டுரைத் தலைப்பும் தாளின் அடியில் ஒரு வரி. சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்கவும் அதுதான் வழி.

தொதல் மாதிரி மணிக்கணக்கில கிண்டுற பண்டத்துக்கும் இதே முறை சரிவருமா?

பட்டியல் பகுதிக்குச் சரிவரும். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்று சாமான் குறைவு, பிரிப்பது சுலபம். செய்முறைப் பகுதியில் மட்டும் என் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். கட்டுரையில் இரண்டு பக்கம் கிண்டுவதைப் பற்றியே இருக்கும், சுருக்குகிறவருக்கு அது "கெட்டியாகும் வரை கிண்டவும்" என்று ஒரே வரியாகத் தெரியும். அந்த வரியை நம்பிச் செய்தால் முதல்முறை கெட்டியானதுமே இறக்கிவிடுவார்கள். கிடைப்பது வெறும் களி.

தொதல் ஒருமுறை கெட்டியாகி, பின்பு பாலின் எண்ணெய் கக்க ஆரம்பித்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு ஒரே உருண்டையாகத் திரள வேண்டும். நிறமும் வழியில் கறுத்துக்கொண்டே போகும். இந்த நிலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி கொடுங்கள், ஒவ்வொன்றிலும் தீ எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரையிலிருந்து எடுத்து எழுதுங்கள். கக்கிய எண்ணெயை வடித்து எடுக்கிறார்களா, அப்படியே விடுகிறார்களா என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதையும் கதைப் பகுதியில்தான் தேட வேண்டியிருக்கும். சுருக்கம் ஒன்றரைப் பக்கம் வந்தாலும் பரவாயில்லை.